கொரியாவில் சைபர்புல்லியிங்: 2 சதவீதமா, 41 சதவீதமா?

நூலகப்பூச்சி | 4 அக்டோபர் 2025, இரவு 11.40

எம்.எட். ஆய்வேட்டில் இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மெசேஜிங் ஆப்களில் பதின்வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் படுத்தும் பாடு, அதற்குப் பள்ளிகள் என்ன செய்கின்றன என்பதுதான் பொருள். உலகம் முழுக்க மேய வேண்டாம், ஒரு நாட்டை எடுத்து ஆழமாகப் போ என்றார் வழிகாட்டி. தென் கொரியாவை எடுத்தேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ககாவ்டாக் என்ற ஒரே ஆப்பில் இருக்கிறார்கள், சட்டமும் உண்டு, வருடா வருடம் கணக்கெடுப்பும் உண்டு. சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த நாட்டின் ஒளிபரப்புத் தகவல்தொடர்பு ஆணையம் 2023-இல் எடுத்த கணக்குப்படி, பதின்வயதினரில் 40.8 சதவீதம் பேர் சைபர் வன்முறையில் சிக்கியவர்கள். கல்வி அமைச்சகம் 2024-இல் எடுத்த பள்ளி வன்முறைக் கணக்கெடுப்பில் பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 2.1 சதவீதம். அதிலும் சைபர் வகை 7.4 சதவீதம். இரண்டுமே நாலாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளிடம் கேட்டவை. எதை எழுதுவது?

நூலகப்பூச்சி | 4 அக்டோபர், இரவு 11.58

மேலே எழுதியதையே மறுபடி படித்தேன். 7.4 சதவீதம் மாணவர்கள் என்று என் வரைவில் எழுதி வைத்திருக்கிறேன். தப்பு. பாதிக்கப்பட்டவர்கள் சொன்ன வகைகளில் சைபரின் பங்குதான் 7.4. மொத்த மாணவர்களில் பார்த்தால் நூற்றுக்கு ஒருவர்கூட வரமாட்டார். அப்படியானால் இடைவெளி இன்னும் பெரிது.

மலர்விழி அம்மா | 5 அக்டோபர், காலை 6.15

என் மகள் எட்டாம் வகுப்பு. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. போன மாதம் நாலு பிள்ளைகள் சேர்ந்து அதே பெயரில் இன்னொன்று ஆரம்பித்து, இவளைத் தவிர எல்லாரையும் சேர்த்துவிட்டார்கள். பழைய குரூப்பில் இவள் மட்டும் "நாளைக்கு டெஸ்ட் உண்டா" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பள்ளியில் போய்க் கேட்டேன். யாரும் திட்டவில்லையே அம்மா, குரூப் ஆரம்பிப்பது அவர்கள் இஷ்டம் என்றார்கள். இதற்கு எங்கே புகார் கொடுப்பது? கொரியாவில் கொடுக்க முடியுமா என்று கேட்கவில்லை, இங்கே.

கணக்குப்புலி | 5 அக்டோபர், காலை 9.30

பூச்சி, இரண்டு எண்ணும் சரிதான். கேள்விதான் வேறு.

ஆணையத்தின் கணக்கில் ஆன்லைனில் யாராவது திட்டினார்களா, அவதூறு பரப்பினார்களா, பின்தொடர்ந்தார்களா, அந்தரங்கத் தகவலை வெளியிட்டார்களா, ஒதுக்கினார்களா, எதையாவது பிடுங்கினார்களா என்று எட்டு வகையை வரிசையாக அடுக்கிக் கேட்பார்கள். கேம் விளையாடும்போது முகம் தெரியாத ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னாலும் அதில் வரும். அதோடு, நீ யாருக்காவது செய்தாயா என்றும் கேட்டு, செய்தவர், பட்டவர் இருவரையும் கூட்டித்தான் 40.8. நீ எழுதும்போது அத்தனை பேரும் பாதிக்கப்பட்டவர்கள் என்று எழுதிவிடாதே.

அமைச்சகத்தின் கணக்கெடுப்புக்குப் பெயரே "பள்ளி வன்முறை நிலவரம்". சுமார் 40 லட்சம் பேருக்குப் பள்ளி வழியாகப் போகிறது. வன்முறை என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளை மனதில் அடி, உதை, காசு பிடுங்குவது எல்லாம் ஓடும். குரூப்பில் தன்னைச் சேர்க்காததை அதற்குள் வைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இந்தக் குழப்பம் கொரியாவோடு நிற்பதில்லை. நார்வேயில் டான் ஓல்வியஸ் அந்தக் காலத்தில் வைத்த மூன்று நிபந்தனைகள் உண்டு: வேண்டுமென்றே செய்ய வேண்டும், திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், பட்டவன் பலவீனமான இடத்தில் இருக்க வேண்டும். ஒரு போட்டோவை ஒரே ஒரு தடவை குரூப்பில் போட்டு, 30 பேர் அதைப் பரப்பினால் அது ஒரு தடவையா, 30 தடவையா? இதற்கு விடை சொல்லாத ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. மோடெக்கியும் கூட்டாளிகளும் 2014-இல் 80 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரியாக நேரடி புல்லியிங் 35 சதவீதம், சைபர் 15 சதவீதம் என்று வந்தது. அந்தச் சராசரிக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பார்த்தால் தலை சுற்றும்.

தலைமையாசிரியர்_ஓய்வு | 5 அக்டோபர், மாலை 4.05

முப்பத்தோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன். போனைப் பள்ளி வாசலில் வாங்கி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கொரியாவிலேயே வகுப்பில் போன் கூடாது என்று இந்த ஆகஸ்டில் சட்டம் போட்டுவிட்டார்களாமே, 2026 மார்ச்சிலிருந்து அமல். அவர்கள் என்ன முட்டாள்களா? 40, 41 என்று தசமத்தில் சண்டை போடுவதைவிட அது உருப்படியான வேலை.

நூலகப்பூச்சி | 5 அக்டோபர், இரவு 10.20

ஐயா, சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் பீட்டர் ஸ்மித் குழு இங்கிலாந்தில் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் பளிச்சென்று இருக்கிறது. சைபர் புல்லியிங் பள்ளிக்குள் நடப்பதைவிட வெளியேதான் அதிகம். ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கையில் கிடந்துகொண்டு அனுப்புகிற மெசேஜை வாசலில் இருக்கும் பெட்டி எப்படித் தடுக்கும்?

ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது சரி. அதே ஆய்வில் பிள்ளைகள் மிக அதிகம் பாதிக்கும் என்று சொன்னது போட்டோவும் வீடியோவும். அவற்றில் சில பள்ளிக்குள்ளேயே எடுக்கப்படலாம். எடுப்பதைத் தடுக்கலாம், பரவுவதைத் தடுக்க முடியாது.

மலர்விழி அக்கா, உங்கள் கேள்வியை விட்டுவிடவில்லை. 1098-இல் கூப்பிட்டால் குழந்தைகளுக்கான உதவி மையத்தில் பேசுவார்கள், மகளே பேசலாம். ஆனால் ஒதுக்கி வைத்ததற்கு வழக்கு என்று எதுவும் எழாது என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் மகளுக்கு நடந்ததற்கு ஆய்வுகளில் தனி இடமே இருக்கிறது. இஸ்ரேலில் ஐசன்கோட், காஷி-ரோசன்பாம் இருவரும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். வசைச்சொல், படங்கள் இரண்டையும்போல, குரூப்பில் சேர்க்காமல் விடுவதையும் ஒரு வன்முறை வகையாகவே கணக்கில் எடுத்தார்கள். "யாரும் திட்டவில்லையே" என்று பள்ளி சொன்னது பதிலே ஆகாது.

சுவோன் மணி | 6 அக்டோபர், காலை 7.10

நான் இங்கே சுவோனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மகள் கொரியப் பள்ளியில் மிடில் ஸ்கூல் இரண்டாம் ஆண்டு, நம் கணக்கில் எட்டாம் வகுப்பு. பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர்களைச் சொல்கிறேன், எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவாக இருக்காது.

"காடோக் கமோக்" என்றால் ககாவ்டாக் சிறை. ஒரு பிள்ளையை குரூப்பில் இழுத்து வைத்துத் திட்டுவார்கள். அவன் வெளியே போனால் மறுபடி சேர்ப்பார்கள். எத்தனை முறை போனாலும் இழுப்பார்கள். "த்தேகா" என்பது கும்பலாகச் சேர்ந்து ஒருவன் மேல் மெசேஜ் மழை பொழிவது. "பாங்போக்" என்றால் அறையை வெடிக்க வைப்பது. ஒருவனை ஆசையாக குரூப்புக்கு அழைத்துவிட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறிவிடுவார்கள். அவன் மட்டும் காலி அறையில் நிற்பான். அப்புறம் "வைஃபை ஷட்டில்": ஒரு பிள்ளையின் டேட்டாவை ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி மற்றவர்கள் உறிஞ்சுவது. முன்பு கேன்டீனுக்கு ஓடி பன் வாங்கிவரச் சொல்வார்கள், அதற்கு "பன் ஷட்டில்" என்று பெயர். அதன் வாரிசு இது.

கணக்குப்புலி | 6 அக்டோபர், காலை 7.45

காடோக் கமோக்கில் நான் பல வருடமாக இருக்கிறேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து மூன்று முறை வெளியேறி, மூன்று முறையும் பெரியப்பா சேர்த்துவிட்டார். தினமும் காலை வணக்கம், ரோஜாப்பூ.

நூலகப்பூச்சி | 6 அக்டோபர், இரவு 11.30

சிரித்துவிட்டு யோசித்தேன். மணி அண்ணன் சொன்ன நாலு வகையில் மூன்று, ஆப்பின் வடிவமைப்பிலிருந்தே பிறந்தவை. கேட்காமலேயே யாரையும் சேர்க்கலாம் என்பதால் சிறை. வெளியேறுவது எல்லாருக்கும் தெரியும் என்பதால் பாங்போக்கில் அவமானம். ஆப் மாறினால் வகையும் மாறும். வாட்ஸ்அப்பில் விட்டுப் போனவரை உடனே திரும்பத் திரும்பச் சேர்க்க முடியாதபடி 2018-இல் செய்தார்கள். யார் என்னை குரூப்பில் சேர்க்கலாம் என்ற செட்டிங் 2019 ஏப்ரலில் வந்தது. (புலி, பெரியப்பாவுக்கு அதுதான் மருந்து.) ககாவ்டாக்கில் "சத்தமில்லாமல் வெளியேறு" என்ற வசதி 2023 மே மாதம் வந்தது.

ஆனால் அந்தக் கடைசி வசதியில் ஒரு வினோதம். சிறையிலிருந்து தப்பிக்கும் பிள்ளைக்கு அது நல்லது. பாங்போக் செய்கிற கும்பலுக்கும் அதே அளவு நல்லது. முன்பு "இன்னார் வெளியேறினார்" என்று பத்து வரி இருந்தது, பட்ட பிள்ளை அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டலாம். இப்போது அந்த வரியும் வராது. பள்ளியில் போய் எதைக் காட்டுவது?

தலைமையாசிரியர்_ஓய்வு | 7 அக்டோபர், காலை 5.50

காட்ட வேண்டிய அவசியம் ஏன்? எங்கள் காலத்தில் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்க வைப்போம். முடிந்தது.

சுவோன் மணி | 7 அக்டோபர், இரவு 9.40

ஐயா, இங்கே அது முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

2011 டிசம்பரில் டேகு நகரத்தில் ஒரு மிடில் ஸ்கூல் பையன் சகமாணவர்கள் கொடுமை தாங்காமல் உயிரை விட்டான். நாடே கொதித்தது. இரண்டே மாதத்தில் அரசு பெரிய திட்டம் அறிவித்தது. அதில் முக்கியமானது, தண்டனையை மாணவனின் பள்ளிப் பதிவேட்டில் எழுதுவது. அந்த 2012-இலேயே பள்ளி வன்முறைச் சட்டத்தின் வரையறைக்குள் சைபர் ஒதுக்கலும் வந்தது. புகார்களை விசாரித்துத் தண்டனை முடிவு செய்யும் குழு பள்ளிக்குள் இருந்தது, 2020 முதல் அதை எடுத்து, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் வைத்தார்கள்.

சின்ன விஷயங்களைத் தலைமையாசிரியரே முடித்துக்கொள்ளலாம், ஆனால் நாலு நிபந்தனை: இரண்டு வாரமோ அதற்கு மேலோ சிகிச்சை என்று மருத்துவச் சான்று இருக்கக் கூடாது, பொருள் இழப்பு இருக்கக் கூடாது அல்லது உடனே ஈடு செய்திருக்க வேண்டும், தொடர்ந்து நடந்ததாக இருக்கக் கூடாது, புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கலாக இருக்கக் கூடாது. இதெல்லாம் போக, பட்ட பிள்ளையும் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். மெசேஜ் விவகாரம் என்றாலே மூன்று நாள், நாலு நாள் நீளும். "தொடர்ந்து நடந்தது" என்ற இடத்தில் மாட்டிக் குழுவுக்குப் போய்விடும்.

குழுவில் மார்க் போடுவார்கள். விளையாட்டில்லை. எவ்வளவு தீவிரம், எவ்வளவு தொடர்ச்சி, எவ்வளவு வேண்டுமென்றே, செய்தவன் எவ்வளவு வருந்துகிறான், சமரசம் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 20. முதல் மூன்றில் கூடினால் கெடுதல், கடைசி இரண்டில் வருத்தமும் சமரசமும் கூடினால் மார்க் குறையும்.

எனக்குத் தெரிந்த ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்கு மொழிபெயர்க்கப் போனேன். அடையாளம் தெரியாமல் விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒரு பெண்ணை நாலு ராத்திரி தொடர்ந்து குரூப்பில் இழுத்து, தோல் நிறத்தைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். முன்னால் நின்ற பையனுக்குத் தீவிரம் 2, தொடர்ச்சி 3, வேண்டுமென்றே 3, வருத்தம் 1, சமரசம் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 11. 10 முதல் 12 வரை வந்தால் பள்ளிக்கு வரத் தற்காலிகத் தடை, பதிவேட்டில் பள்ளி முடித்த பின்னும் நாலு வருடம் நிற்கும். அதே பையன் உருக்கமான மன்னிப்புக் கடிதம் கொடுத்து வருத்தம் 0, சமரசம் 1 ஆனால் மொத்தம் 9. அது சமூகசேவை, பள்ளி முடித்த இரண்டு வருடத்தில் அழியும். 2026 சேர்க்கை முதல் எல்லாப் பல்கலைக்கழகமும் இந்தப் பதிவைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று விதி. அந்த இரண்டு மார்க்குக்கு எவ்வளவு விலை என்று புரிகிறதா?

நூலகப்பூச்சி | 7 அக்டோபர், இரவு 10.25

அப்படியானால் மன்னிப்புக் கடிதத்தை வக்கீல் எழுதுவாரா?

சுவோன் மணி | 7 அக்டோபர், இரவு 10.40

பள்ளி வன்முறைக்கென்றே தனி வக்கீல்கள் விளம்பரம் போடுகிறார்கள். அதோடு எதிர்ப் புகார். நீ என் பையன் மேல் கொடுத்தாயா, உன் மகளும் ஒருநாள் "முட்டாள்" என்று எழுதியிருக்கிறாள், இந்தா ஸ்கிரீன்ஷாட் என்று. நான் போன வழக்கிலும் அதுதான் நடந்தது. அந்தப் பெண் மூன்றாம் ராத்திரி பொறுக்க முடியாமல் திருப்பித் திட்டியிருந்தாள், அதை மட்டும் வெட்டி எடுத்துக் கொண்டுவந்தார்கள். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து நேரத்தோடு வைத்ததால்தான் தப்பித்தோம். மலர்விழி அக்கா, உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒற்றை ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், முழு சாட்டையும் எடுத்து வையுங்கள்.

மலர்விழி அம்மா | 8 அக்டோபர், காலை 6.05

முழு சாட் எடுத்தால் என்ன இருக்கும்? அவள் கேள்வி கேட்டதும் யாரும் பதில் சொல்லாததும்தான் இருக்கும்.

நூலகப்பூச்சி | 8 அக்டோபர், இரவு 11.15

அக்கா சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தேன். மார்க் போடும் முறை, எழுத்தில் இருக்கும் வசவுக்காக அமைந்த முறை. பதில் வராத மௌனத்துக்குத் தீவிரம் எத்தனை மார்க்?

சரி, தண்டிக்காத வழி ஏதாவது இருக்கிறதா என்று பின்லாந்துப் பக்கம் போனேன். துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியின் குழு உருவாக்கிய கிவா திட்டம். ஐயா, நீங்கள் சொன்ன கை குலுக்கலுக்கு நேர் எதிர். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துத் தொடங்குவதில்லை. பட்ட பிள்ளையிடம் தனியாக, செய்தவர்களிடம் தனித்தனியாக. பிறகு வகுப்பு ஆசிரியர், மற்ற பிள்ளைகள் மதிக்கிற இரண்டு முதல் நாலு பேரைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையோடு கொஞ்சம் சேர்ந்து நில்லுங்கள் என்கிறார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி எல்லாரையும் பார்த்து, நின்றதா என்று கேட்கிறார்கள். அப்படிக் கையாண்ட வழக்குகளை 2014-இல் கராந்தோ எழுதிய கட்டுரையில் பார்த்தேன். நின்றுவிட்டது என்று பட்ட பிள்ளைகளே சொன்னது முக்கால்வாசிக்கு மேல்.

மலர்விழி அக்காவின் மகளுக்குப் புகார் மனுவைவிட இந்த இரண்டு மூன்று பிள்ளைகள் விஷயம்தான் உதவும் என்று தோன்றுகிறது. வகுப்பு ஆசிரியரிடம் அதை மட்டும் கேட்டுப் பாருங்களேன்.

கணக்குப்புலி | 9 அக்டோபர், காலை 8.50

ரொம்ப உற்சாகப்படாதே. அந்த வழக்குகள் மெசேஜிங் ஆப் வழக்குகள் மட்டுமல்ல, எல்லா வகையும் கலந்தவை. சைபர் தடுப்புத் திட்டங்களை மட்டும் கூட்டிப் பார்த்த காஃப்னி, ஃபாரிங்டன் குழுவின் 2019 கட்டுரையில் செய்வது 10 முதல் 15 சதவீதம், படுவது 14 சதவீதம் குறைந்தது. ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று. உன் கொரிய அட்டவணையில் 2020 இருக்கிறதா? அந்த வருடம் சைபரின் பங்கு 8.6-லிருந்து 12.3-க்கு ஏறியது, கொரோனாவால் எல்லாரும் ஆன்லைனுக்குப் போனதால் சைபர் கொடுமை பெருகியது என்று படிப்பவர் நினைப்பார். ஆனால் மொத்தப் பாதிப்பு 1.6-லிருந்து 0.9-க்கு இறங்கியது. பெருக்கிப் பார். 1.6-ஐ 8.6-ஆல் பெருக்கினால் பத்தாயிரம் பிள்ளைகளுக்குச் சுமார் 13.8 பேர். 0.9-ஐ 12.3-ஆல் பெருக்கினால் 11.1. பிள்ளைகள் பள்ளிக்கே வராததால் மற்றவை விழுந்தன, சைபரின் பங்கு தானாக ஏறியது. ஒரு பிள்ளை பல வகையைச் சொல்லலாம் என்பதால் இந்தப் பெருக்கல் உத்தேசம்தான். இருந்தாலும் "அதிகரித்தது" என்று எழுதும் முன் இதைச் செய்.

நூலகப்பூச்சி | 9 அக்டோபர், மதியம் 1.10

"பெருந்தொற்றுக் காலத்தில் கடுமையாக அதிகரித்தது" என்று பத்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டேன்.

தலைமையாசிரியர்_ஓய்வு | 9 அக்டோபர், மாலை 6.30

தனித்தனியாகப் பேசுவது எனக்கும் தெரியும். 48 பிள்ளைகள் உள்ள வகுப்பில் அதற்கு நேரம் எங்கே? பின்லாந்துக்காரனுக்கு ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கை குலுக்கிய பிறகு அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை, அது உண்மை. ஒருவன் பள்ளி மாறிப் போனான். அப்போது வீடு மாற்றம் என்று நினைத்தேன்.

சுவோன் மணி | 11 அக்டோபர், இரவு 8.20

மகளிடம் அந்தக் கணக்கெடுப்பைப் பற்றிக் கேட்டேன். போன வருடம் இவளையும் ஒரு முறை பாங்போக் செய்தார்கள், எனக்குத் தெரியும், இரண்டு நாள் சாப்பிடவில்லை. படிவத்தில் என்ன போட்டாய் என்றேன். "இல்லை" என்று போட்டாளாம். ஏன் என்றால், அது சும்மா விளையாட்டுத்தானே அப்பா என்கிறாள்.

கணக்குப்புலி | 11 அக்டோபர், இரவு 9.00

ஒரு பிள்ளையை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் பூச்சி, இந்த வகைப் பிள்ளைகளை எந்தக் கேள்வி பிடிக்கும் என்று ஒரு பக்கம் எழுது. "பள்ளி வன்முறைக்கு ஆளானாயா" என்று கேட்பதா, "உன்னை அழைத்துவிட்டு எல்லாரும் குரூப்பை விட்டுப் போனார்களா" என்று கேட்பதா?

மலர்விழி அம்மா | 14 அக்டோபர், காலை 6.20

வகுப்பு ஆசிரியையிடம் பேசினேன். இரண்டு பெண்களிடம் சொல்லியிருக்கிறார். அதில் ஒருத்தி நேற்று மகளைப் புது குரூப்பில் சேர்த்தாள். இவள் பத்து நிமிடம் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. ஆனால் இன்று அந்தப் பெண்ணோடு சேர்ந்து பஸ்ஸுக்குப் போயிருக்கிறாள்.

நூலகப்பூச்சி | 14 அக்டோபர், இரவு 11.50

அந்தக் கேள்விப் பக்கத்தை எழுத ஆரம்பித்திருக்கிறேன். மணி அண்ணா, "பாங்போக்" என்பதைத் தமிழில் எப்படி எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்? "அறை வெடிப்பு" என்றால் பட்டாசு மாதிரி இருக்கிறது.